உப்பு, வினிகர், வெறும் தண்ணீர்: காய்கனிகளைக் கழுவுவதில் எது எதற்குப் பயன்படும்?

சந்தையிலிருந்து வாங்கி வந்த காய்களை உப்புத் தண்ணீரிலோ வினிகர் கலந்த தண்ணீரிலோ அரை மணி நேரம் ஊறப்போட்டால் அவற்றின் மேல் தெளித்த பூச்சிமருந்தெல்லாம் போய்விடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். சிலர் மஞ்சள்தூளும் சேர்க்கிறார்கள். சிலர் கடையில் விற்கும் காய்கறிக் கழுவு திரவத்தை வாங்குகிறார்கள். இன்னும் சிலர் இதெல்லாம் வீண்வேலை என்று குழாயைத் திறந்து ஒரு நொடி காட்டிவிட்டு நறுக்கத் தொடங்குகிறார்கள். எதில் கழுவுவது என்று கேட்பதற்கு முன்னால், நாம் நீக்க நினைக்கும் பொருள் காயில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆகவே இந்தக் கட்டுரை அங்கிருந்தே தொடங்குகிறது.

பயிரின் மேல் தெளித்த மருந்து காயில் மூன்று இடங்களில் தங்கலாம். முதலாவது, தோலின் மேற்பரப்பு. மான்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் தண்ணீரில் கரையாத நுண்ணிய தூளாகத் தெளிக்கப்பட்டு, நீர் காய்ந்ததும் தோலின் மேல் ஒரு படிவாக நிற்கின்றன. தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும் வகை இதுதான். இரண்டாவது, தோலை மூடியிருக்கும் இயற்கையான மெழுகுப் படலம். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்களில்தான் நன்றாகக் கரையும். ஆகையால் அவை அந்த மெழுகுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. மூன்றாவது, காயின் சதை. இமிடாகுளோபிரிட், அசிபேட் முதலியவை ஊடுருவும் மருந்துகள். செடி அவற்றை உறிஞ்சித் தன் சாற்றோடு கொண்டு செல்ல வேண்டும், அந்தச் சாற்றைக் குடிக்கும் பூச்சி சாக வேண்டும் என்பதற்காகவே அவை உருவாக்கப்பட்டன. சதைக்குள் போய்விட்ட மருந்தை வெளியிலிருந்து எந்தத் தண்ணீராலும் எந்தக் கரைசலாலும் கழுவி எடுக்க முடியாது.

இதில் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. தண்ணீரில் நன்றாகக் கரையும் மருந்து என்றால் தண்ணீரில் எளிதாகப் போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நன்றாகக் கரையும் மருந்துகளில் பல, கரையும் தன்மையினாலேயே செடியின் சாற்றில் கலந்து உள்ளே சென்றுவிடுகின்றன. கரையாதவற்றில் சில தூளாக வெளியே நின்று உரசலுக்கு விழுந்துவிடுகின்றன. சில மெழுகில் ஒளிந்துகொள்கின்றன. எனவே கரைதிறனை மட்டும் வைத்துக்கொண்டு எது கழுவினால் போகும் என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அங்கே காய்கனிகளைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசி, அலசுவதற்கு முன்னும் பின்னும் எச்சத்தை அளந்தார்கள். பார்த்த 12 மருந்துகளில் 9 மருந்துகளின் எச்சம் தண்ணீரிலேயே குறைந்தது. வின்குளோசோலின், பைபென்த்ரின், குளோர்பைரிபாஸ் ஆகிய மூன்றும் குறையவில்லை. மருந்தின் கரைதிறனுக்கும் அது கழுவப்படும் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. இந்தியாவில் நெடுங்காலமாகப் பல பயிர்களுக்குத் தெளிக்கப்பட்டு வந்த குளோர்பைரிபாஸ் அந்த மூன்றில் ஒன்றாக இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். வெறும் தண்ணீர் நாம் நினைப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எல்லாவற்றையும் நீக்குவதில்லை. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரில் கழுவும்போது வேலையைச் செய்வது பெரும்பாலும் ஓட்டமும் உரசலும்தான். ஆகவே காயைத் தண்ணீரில் நனைப்பது வேறு, கழுவுவது வேறு. ஒரு தக்காளியைக் குழாயின் கீழ்ப் பிடித்து, விரல்களால் காம்புக் குழியையும் அடிப்பக்கத்தையும் சேர்த்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை தேய்த்தால்தான் அது கழுவியதாகும். வெள்ளரி, உருளை, கேரட் போன்ற கெட்டியான காய்களுக்கு ஒரு மெல்லிய தூரிகையை வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ முடியாது. அங்கே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக் கையால் அலசி, தண்ணீரை மூன்று முறை மாற்றுவது நல்ல மாற்று வழி. அப்படி அலசும்போது, கீரையாக இருந்தாலும் காயாக இருந்தாலும், அதைத் தண்ணீரிலிருந்து கையால் அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தை அப்படியே வடிதட்டில் கவிழ்த்தால் அடியில் படிந்த மண்ணும் அழுக்கும் மறுபடி கீரையின் மேலேயே வந்து விழும்.

ஆப்பிளில் செய்த ஒரு சோதனை

கரைசல்களைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சோதனை ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் லிலி ஹே என்னும் உணவு அறிவியலாளரின் குழு செய்த இந்த ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்கள் இயற்கை முறையில் விளைந்த காலா வகை ஆப்பிள்களை எடுத்துக்கொண்டார்கள். தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியையும் பாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லியையும் தோலின் மேல் இட்டு, 24 மணி நேரம் அப்படியே விட்டார்கள். பிறகு வெறும் குழாய்த் தண்ணீர், ஆப்பக் கடைகளில் பயன்படும் சோடா உப்பைக் கரைத்த தண்ணீர், பழக் கிடங்குகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் மிகக் குறைந்த அளவு குளோரின் கலந்த தண்ணீர் ஆகிய மூன்றில் தனித்தனியாகக் கழுவி ஒப்பிட்டார்கள்.

சோடா உப்புக் கரைசல் மற்ற இரண்டையும்விட நன்றாக வேலை செய்தது. அதன் அளவு 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. தோலின் மேலிருந்த தயாபெண்டசோல் முழுவதும் நீங்க 12 நிமிடமும், பாஸ்மெட் நீங்க 15 நிமிடமும் ஆயிற்று. ஒரு நிமிடத்திலோ இரண்டு நிமிடத்திலோ இது நடக்கவில்லை என்பது முக்கியம். அதே வேளையில், இட்ட தயாபெண்டசோலில் 20 விழுக்காடும் பாஸ்மெட்டில் 4.4 விழுக்காடும் அந்த ஒரே நாளில் ஆப்பிளின் தோலுக்குள் ஊடுருவிவிட்டிருந்தன. உள்ளே போன அந்தப் பகுதியைச் சோடா உப்பாலும் எடுக்க முடியவில்லை. தோலைச் சீவினால்தான் அது போகும்.

சோடா உப்பு ஏன் வேலை செய்கிறது என்றால், அது தண்ணீரை இலேசான காரமாக, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை உடையதாக, ஆக்குகிறது. அந்த இரண்டு மருந்துகளும் காரத்தில் சிதையக்கூடியவை. சிதைந்தது கரைந்து கழுவப்படுகிறது. இதை எல்லா மருந்துகளுக்கும் பொருத்திவிடக் கூடாது. கால் மணி நேரத்தில் சிதையாத மருந்துகளும் உண்டு, இலேசான காரத்தைப் பொருட்படுத்தாத மருந்துகளும் உண்டு. மேலும், சோதனையில் மருந்து தோலின் மேல் ஒரு நாள்தான் இருந்தது. தோட்டத்திலிருந்து கிடங்கு வழியாக நம் வீட்டுக்கு வரும் ஆப்பிளில் அது பல வாரங்கள் இருந்திருக்கும். ஆகவே "சோடா உப்பு எல்லா மருந்தையும் நீக்கிவிடும்" என்று இந்த ஆய்வைச் சுருக்குவது சரியாகாது. தேய்த்துக் கழுவ முடியாத, தோலோடு தின்னும் பழங்களுக்கு, கையில் இருக்கும் பொருள்களில் ஓரளவு ஆதாரம் உள்ள ஒன்று இது என்று சொல்வதே பொருத்தம்.

உப்பும் வினிகரும்

இனி உப்புக்கு வருவோம். பூக்கோசை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் சிறிது நேரம் வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதன் நோக்கம் பூவின் மடிப்புகளுக்குள் இருக்கும் புழுக்களை வெளியேற்றுவது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. பத்து நிமிடம் கழித்துப் பாத்திரத்தைப் பார்த்தால் பச்சைப் புழுக்கள் மிதப்பதையும் அடியில் கிடப்பதையும் கண்ணால் காணலாம். புழுவுக்காக ஏற்பட்ட இந்த வழக்கம் மெல்ல மெல்ல மருந்துக்கும் பொருந்தும் என்று விரிந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. சமையல் உப்பு பூச்சிமருந்தைச் சிதைக்கும் பொருள் அன்று. தண்ணீரை அது காரமாகவும் ஆக்காது, அமிலமாகவும் ஆக்காது; மெழுகைக் கரைக்கவும் செய்யாது.

ஆனாலும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்த காயில் எச்சம் குறைந்தது என்று சொல்லும் அளவீடுகள் இருக்கின்றன. அவற்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. பொதுவாகச் சொல்லப்படும் 2 விழுக்காட்டுக் கரைசலை, அதாவது 1 லிட்டருக்கு 20 கிராம் உப்பை, எடுத்துக்கொண்டு காயைக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் எச்சம் குறையத்தான் செய்யும். ஏனெனில் அங்கே கால் மணி நேர ஊறலும் இரண்டு அலசலும் நடந்திருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதே காயை அதே நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து அதே போல் இரண்டு முறை அலசியிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்? இந்த ஒப்பீடு இல்லாமல் கழுவாத காயோடு மட்டும் ஒப்பிட்டுச் சொல்லும் எந்த விழுக்காடும், உப்பைப் பற்றியோ விலைகொடுத்து வாங்கும் திரவத்தைப் பற்றியோ நமக்கு எதையும் சொல்லாது. கழுவு திரவங்களின் விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை இருக்காது.

உப்புக் கரைசலில் ஊறவைப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் நறுக்கிய பிறகு ஊறவைப்பது தவறு. வெண்டையையோ கத்தரியையோ வெட்டிப் போட்டால், வெட்டுவாய் வழியாக உப்பு உள்ளே போகும், தண்ணீரில் கரையும் சத்துகள் வெளியே வரும், மேல்தோலிலிருந்து தண்ணீருக்கு வந்த அழுக்கும் வெட்டிய சதையில் படும். முழுதாகக் கழுவி, பிறகு காம்பு நீக்கி நறுக்குவதே முறை. தோல் சீவப்போகும் காயையும் முதலில் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோலின் மேலிருப்பதைக் கத்தியே சதைக்குள் கொண்டு போகும்.

வினிகரின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. கடையில் கிடைக்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு இருக்கும். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் அது 1 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். பழத்தின் மேலுள்ள கிருமிகளின் எண்ணிக்கையை இந்தக் கரைசல் ஓரளவு குறைக்கும். ஆனால் பூச்சிமருந்தைச் சிதைப்பது என்று பார்த்தால், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் காரத்தில்தான் விரைந்து சிதையும். இலேசான அமிலத்தில் அவை நிலையாக நிற்கும். அதாவது அந்த வகைக்கு வினிகர் எதிர்த்திசையில் போகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் வீடுகளுக்குச் சொன்ன வழிமுறைகளில் வினிகர் கரைசலும் புளித்தண்ணீரும் இடம்பெற்றன. அந்த வழிமுறைகளைப் பின்பற்றுவதில் தவறில்லை. நாம் நினைவில் கொள்ள வேண்டியது, அவற்றில் ஊறவைத்தலும் அதன் பின் பலமுறை அலசுதலும் சேர்ந்தே இருக்கின்றன என்பதுதான்.

வினிகர் உண்மையாகவே தன் வேதியியலால் வேலை செய்யும் ஓர் இடம் உண்டு. அதைக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைக் கொண்டு பார்க்கலாம். திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சை நோய்களுக்காகப் போர்டோ கலவை தெளிப்பது பழைய முறை. செம்பின் உப்பாகிய மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து செய்யும் இந்தக் கலவை, மழையில் எளிதில் கரைந்து போகாமல் ஒட்டி நிற்பதற்காகவே அப்படிச் செய்யப்படுகிறது. ஒட்டி நிற்பது செம்பும் சுண்ணாம்பும் சேர்ந்த படிவு. அது தண்ணீரில் கரையாது, அமிலத்தில் கரையும். ஆகவே குலையின் காம்புகளிலும் பழங்கள் நெருங்கித் தொடும் இடங்களிலும் நீலம் கலந்த வெள்ளைக் கறை தெரிந்தால், வினிகர் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து அலசுவது பொருளுள்ள செயல். மற்றபடி திராட்சைக்கு வினிகர் தேவையில்லை.

இங்கே கண்ணால் பார்த்து அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. திராட்சையின் மேல் தெரியும் வெண்மை எல்லாம் மருந்து அன்று. பழம் தானாகவே சுரக்கும் மெல்லிய மெழுகுப் பொடி ஒன்று உண்டு. அது பழம் முழுவதும் ஒரே சீராக, மூச்சுக்காற்று பட்ட கண்ணாடியைப் போல மங்கலாகப் படர்ந்திருக்கும். விரலை ஓட்டினால் அந்தத் தடத்தில் மட்டும் பழம் கறுத்துப் பளபளக்கும். மருந்தின் கறை அப்படி இராது. தெளித்த துளி எங்கே தங்கிக் காய்ந்ததோ அங்கேதான் இருக்கும்: வட்டமாக, ஓரம் தடித்து, பெரும்பாலும் பழத்தின் கீழ்முனையில், துளி தொங்கி நின்ற இடத்தில். அந்தச் சீரான வெண்மையைப் பார்த்துப் பழத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அதே சமயம், கறை இல்லை என்பதால் மருந்து இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. பெரும்பாலான பூச்சிமருந்துகள் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதையும் விடுவதில்லை. ஊறவைத்த தண்ணீர் கலங்குவதும் நிறம் மாறுவதும் மண்ணாலும் காயின் சொந்த நிறத்தாலும் ஆகும். அதை வெளியேறிய மருந்தின் அளவாகக் கொள்ளக் கூடாது.

ஆப்பிள் மேல் பூசிய மெழுகு

மெழுகைப் பற்றிய அச்சம் மருந்தைப் பற்றிய அச்சத்தைவிட வேகமாகப் பரவுகிறது. கத்தியால் ஆப்பிளைச் சுரண்டி வெள்ளைச் சீவலைக் காட்டும் காணொளிகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆப்பிளுக்கு இயற்கையாகவே மெழுகு உண்டு. சுரண்டினால் அதுவும் வெள்ளையாகத்தான் வரும். பறித்த பிறகு கிடங்கில் தூசியும் மண்ணும் போகக் கழுவித் துலக்கும்போது அந்த இயற்கை மெழுகில் ஒரு பகுதி போய்விடுகிறது. அப்படியே விட்டால் பழம் நீரை இழந்து சுருங்கும். அதற்கு ஈடாக மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் பழங்களின் மேல் பூச அனுமதித்திருப்பவை தேன்மெழுகு, பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு, அரக்குப் பூச்சி சுரக்கும் பொருளிலிருந்து செய்யும் செல்லாக் ஆகியவை. பூசியிருப்பதைச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்பதும் விதி. இந்த மெழுகுகள் நம் குடலில் செரிப்பதில்லை. உண்ணும் சிறு அளவு அப்படியே வெளியேறிவிடும். செல்லாக் பூச்சியிலிருந்து வருவது என்பதால் கண்டிப்பான சைவ உணவினர் சிலர் அதைத் தவிர்ப்பார்கள். அது உடல்நலத்தைச் சார்ந்த காரணம் அன்று.

என் பார்வையில் மெழுகினால் வரும் உண்மையான சிக்கல் வேறு. மெழுகு பூசும் முன் பழத்தின் மேலிருந்த எச்சம் அதன் அடியில் மூடப்பட்டுவிடுகிறது. வெளிநாட்டு ஆரஞ்சு வகைகளில் பூஞ்சைக்கொல்லியை மெழுகோடு கலந்தே பூசுவதும் உண்டு. ஆகையால் மெழுகு நீங்காமல் அதன் கீழுள்ளதைத் தண்ணீர் தொடாது.

உப்பாலும் குளிர்ந்த தண்ணீராலும் மெழுகு போகாது. வினிகராலும் அநேகமாகப் போகாது. தேன்மெழுகு உருகுவதற்கே 62 முதல் 64 டிகிரி வரை சூடு வேண்டும். கார்னோபாவுக்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் ஆப்பிளை வைத்தால் தோல் வெந்துவிடும். நடைமுறையில் செய்யக்கூடியது, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து மெழுகை இளக்கி, சொரசொரப்பான துணியாலோ தூரிகையாலோ தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது. துணியில் மெழுகு ஏறும். இதனாலும் முழுதும் போகாது. கணிசமான பகுதி போகும். வெந்நீர் பட்டதும் ஆப்பிள் வெளுத்துப் பூத்தாற்போல் ஆனால் அஞ்ச வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் மெழுகின் அமைப்பு மாறி வெள்ளையாகத் தெரிகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்த ஆப்பிளிலும் இதே வெண்மை சில சமயம் தோன்றும். சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆப்பிளைத் தோல் சீவிக் கொடுப்பதே எளிது என்பது என் கருத்து. தோலில் நார்ச்சத்து போவது உண்மைதான், ஆனால் அந்த நாரைக் கொய்யாவிலிருந்தும் கீரையிலிருந்தும் ஈடுசெய்துகொள்ளலாம்.

பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகை எடுக்கும் என்பதால் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. காய்கனிகளின் தோலில் நுண்துளைகளும் காம்பு வடுக்களும் இருக்கின்றன. சோப்பு அவற்றுக்குள் புகுந்து தங்கும், எத்தனை முறை அலசினாலும் முழுதும் வராது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் சோப்பும் சலவைப் பொருளும் வேண்டாம், விற்கப்படும் கழுவு திரவங்களும் தேவையில்லை, ஓடும் தண்ணீர் போதும் என்றே சொல்கிறது. குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தைத் தாமாக அளவு வைத்து ஊற்றுவது அதைவிட ஆபத்து. அதோடு வினிகரும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும்.

ஒரு குலை திராட்சையைக் கழுவும் முறை

அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வந்திருப்பதாகக் கொள்வோம். தோலோடு தின்னும் பழம், தேய்க்க முடியாத மென்மை, உள்ளே கை போகாத நெருக்கம் என மூன்று தொல்லைகளும் ஒன்றாக உள்ள பழம் இது. முதலில் கத்தரிக்கோலால் குலையை ஏழெட்டுப் பழங்கள் உள்ள சிறு கொத்துகளாக வெட்ட வேண்டும். பழங்களைக் காம்பிலிருந்து பிய்த்து எடுக்கக் கூடாது. பிய்த்த இடத்தில் துளை விழும், அதன் வழியாகக் கழுவும் தண்ணீர் உள்ளே போகும். வெடித்ததும் அழுகியதும் இருந்தால் அப்போதே நீக்கிவிட வேண்டும்.

கொத்துகளை வடிதட்டில் வைத்து ஓடும் தண்ணீரில் ஒரு நிமிடம் புரட்டிப் புரட்டி அலசினால் தூசியும் தூளாக நிற்கும் படிவும் முதலில் போய்விடும். இதைச் செய்யாமல் நேரே ஊறப்போட்டால் அந்த அழுக்கு முழுவதும் ஊறும் தண்ணீரில் சேர்ந்துவிடும். அடுத்து, அகலமான பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் எடுத்து, 20 கிராம் சோடா உப்பை, அதாவது சுமார் நான்கு தேக்கரண்டியை, கட்டியில்லாமல் கரைத்துக் கொத்துகளை மூழ்க வைக்க வேண்டும். 12 முதல் 15 நிமிடம் வரை போதும். இடையில் இரண்டு மூன்று முறை கையால் மெல்லக் கலைத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் தோல் வழவழப்பாகி, பழத்தின் சுவையும் சோடாவின் பக்கம் சாயும். பிறகு கொத்துகளை அள்ளி எடுத்து, நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, நாவில் ஒரு பழத்தை வைத்துப் பார்க்கலாம். சோப்பு போன்ற சுவை தட்டினால் இன்னொரு முறை அலச வேண்டும். நீலக் கறை இருந்த குலையானால் சோடாவுக்கு முன்பு வினிகர் தண்ணீரில் வைத்து அலசிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, நுரைதான் மிஞ்சும்.

கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் இதே முறை ஓரளவு பொருந்தும். கறிவேப்பிலையில் மருந்து எச்சம் அதிகம் இருப்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையைக் கூடுதல் சோதனைக்கு உட்படுத்தி வந்திருக்கிறது. இலைகளை ஈர்க்கோடு கரைசலில் ஊறவைத்து அலசி, பிறகு உருவிக்கொள்ளலாம். முட்டைகோஸுக்கு ஊறலே தேவையில்லை. வெளி இலைகள் மூன்றை எறிந்துவிட்டால் தெளித்த மருந்தின் பெரும்பகுதி அவற்றோடு போய்விடும். வெண்டையும் கத்தரியும் வேறு மாதிரி. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். மருந்து தெளித்தால் குறிப்பிட்ட நாள்கள் காத்திருந்த பிறகே பறிக்கலாம் என்ற விதியை அதில் கடைப்பிடிப்பது விவசாயிக்குக் கடினம். ஊடுருவும் மருந்து தெளித்து இரண்டாம் நாள் பறித்த வெண்டையில் இருப்பதை நம் சமையலறையில் யாராலும் கழுவி எடுக்க முடியாது. அந்த இடத்தில் நமக்கு உதவுவது தெரிந்த விவசாயியிடம் வாங்குவதும், ஒரே காயையே நாள்தோறும் சமைக்காமல் மாற்றி மாற்றிச் சமைப்பதும்தான்.

கழுவும் தண்ணீரின் சூட்டையும் கவனிக்க வேண்டும். வெயிலில் கிடந்து சூடாக இருக்கும் தக்காளியைப் பனிக்கட்டி போன்ற தண்ணீரில் போட்டால், உள்ளிருக்கும் காற்று சுருங்கிக் காம்பு வடு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீரில் உள்ள கிருமியும் கூடவே போகும். ஆகவே காயைச் சற்று ஆறவிட்டு, அதே சூட்டிலோ சிறிது கூடுதலான சூட்டிலோ உள்ள தண்ணீரில் கழுவுவது நல்லது. கழுவியதை ஈரத்தோடு குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். திராட்சையும் கீரையும் அன்றன்று தேவையான அளவை மட்டும் கழுவிக்கொண்டு, மீதியைக் கழுவாமல் காகிதத்தில் சுற்றி வைக்கலாம். வாரத்துக்கு மொத்தமாகக் கழுவித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், பருத்தித் துணியில் ஒற்றைப் பரப்பாகப் பரப்பி, மின்விசிறியின் கீழ் ஈரம் முழுதும் போன பிறகே டப்பாவில் எடுத்து வைக்க வேண்டும்.